கறுப்புத் திரையில் ஒரு நாள்: ஆசிரியர்களுக்கான கட்டளைவரிப் பயிற்சி

கட்டளைவரி என்பது சுட்டியால் படங்களைத் தட்டுவதற்குப் பதிலாக, கணினிக்கு எழுத்தில் உத்தரவு போடும் முறை. அதற்கான சன்னலுக்கு டெர்மினல் என்று பெயர். பள்ளி ஆசிரியர்களுக்கு இதை ஒரே நாளில் அறிமுகப்படுத்த வேண்டுமானால், பாடத்திட்டம் முதலில் தீர்மானிக்க வேண்டியது எதையெல்லாம் விட்டுவிடுவது என்பதைத்தான். நூற்றுக்கணக்கான கட்டளைகள் இருக்கின்றன. ஒரு நாளுக்கு பதினைந்து போதும். அவையும் ஒரே வேலையைச் சுற்றி வர வேண்டும். ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு வேலை கைவசம் இருக்கிறது: மதிப்பெண் பட்டியல்.

கணினிகள் எல்லாம் ஒரே வகையாக இருப்பது அவசியம். விண்டோஸில் உள்ள பவர்ஷெல்லில் `ls` என்று அடித்தால் பட்டியல் வரும்; `ls -l` என்று அடித்தால் பிழை வரும். பாதிப் பேருக்கு வேலை செய்து பாதிப் பேருக்குச் செய்யாவிட்டால் முற்பகல் அதிலேயே போய்விடும். லினக்ஸ் உள்ள ஆய்வகம் கிடைத்தால் நல்லது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் உபுண்டு சார்ந்த லினக்ஸ் பழக்கத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கீழே சொல்லப்படுபவை லினக்ஸில் உள்ள பாஷ் என்ற ஷெல்லுக்குப் பொருந்தும். டெர்மினலுக்குள் இருந்துகொண்டு நாம் அடிப்பதை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு ஷெல் என்று பெயர்.

இருபது பேருக்கு ஒரு பயிற்றுநரும், அறைக்குள் நடந்துகொண்டே இருக்கும் இரண்டு உதவியாளர்களும் தேவை. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிறங்களில் ஒட்டுத்தாள் கொடுக்கப்படும். முடித்தவர் கணினியின் மேல் பச்சையை ஒட்டுவார், சிக்கிக்கொண்டவர் சிவப்பை ஒட்டுவார். சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற அமைப்பு ஆராய்ச்சியாளர்களுக்கு நடத்தும் பயிலரங்குகளால் பரவலான உத்தி இது. ஆசிரியர்களிடம் இது இன்னும் நன்றாக எடுபடும். சக ஆசிரியர்கள் முன்னால் கையைத் தூக்கி "புரியவில்லை" என்று சொல்ல வகுப்பெடுப்பவர்களுக்குத்தான் அதிகக் கூச்சம்.

காலை 9.30 மணிக்குத் தொடங்கும் முதல் அமர்வின் கேள்வி ஒன்றே: நான் எங்கே இருக்கிறேன்? டெர்மினல் எப்போதும் ஏதாவது ஒரு கோப்புறைக்குள் நிற்கிறது. `pwd` அந்த இடத்தைச் சொல்லும், `ls` அங்கே உள்ளவற்றைக் காட்டும், `cd` வேறு இடத்துக்குக் கூட்டிப்போகும். இவற்றைக் கரும்பலகையில் விளக்குவதைவிட, திரையின் இடப்பக்கம் டெர்மினலையும் வலப்பக்கம் வழக்கமான கோப்பு மேலாளரையும் திறந்து வைப்பது மேல். இடப்பக்கம் `mkdir payirchi` என்று அடித்து எண்டர் தட்டியதும் வலப்பக்கம் ஒரு கோப்புறை முளைக்கும். இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு வாசல்கள் என்பது அப்போது சொல்லாமலே விளங்கும்.

இந்த அமர்வில் வரும் தவறுகளை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். கையேட்டில் வரியின் தொடக்கத்தில் அச்சிட்ட `$` குறியையும் சேர்த்து அடிப்பார்கள். அது கட்டளை அல்ல, "சொல்லுங்கள்" என்று ஷெல் காட்டும் அடையாளம். `Desktop` என்பதை `desktop` என்று அடிப்பார்கள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. `Class 10` என்று இடைவெளியோடு பெயர் வைத்த கோப்புறைக்குள் நுழையப் பார்ப்பார்கள். அப்போது திரையில் தோன்றுவது இது:

```
$ cd Class 10
bash: cd: too many arguments
```

ஷெல்லுக்கு இடைவெளி என்றால் ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்குகிறது என்று பொருள். அதனால் `Class` ஒன்று, `10` இன்னொன்று என்று அது எடுத்துக்கொண்டது. `cd Cl` வரை அடித்து டேப் விசையைத் தட்டினால், மீதிப் பெயரைத் தேவையான குறியுடன் ஷெல்லே நிரப்பிவிடும். டேப் விசையை முதல் ஒரு மணி நேரத்துக்குள் காட்டிவிட வேண்டும். எழுத்துப் பிழைகளில் பெரும்பகுதி அதோடு ஒழியும். பிழைச் செய்திகளை வாசிக்கவும் இங்கேயே பழக்கலாம்: வரியின் கடைசித் துண்டில்தான் காரணம் இருக்கும்.

தேநீருக்குப் பிறகு கோப்புகளை நகலெடுப்பதும் நகர்த்துவதும் அழிப்பதும். `cp` நகலெடுக்கும், `mv` இடமும் பெயரும் மாற்றும். வேலை முடிந்ததும் இரண்டும் ஒன்றும் சொல்லாது. நடந்ததா இல்லையா என்று சந்தேகப்பட்டு மூன்று முறை அடிப்பவர்கள் உண்டு. கட்டளைவரியில் மௌனம் சம்மதம், குறை இருந்தால்தான் அது வாய் திறக்கும். ஏன் இப்படி வைத்தார்கள் என்பதற்கு விடை பிற்பகலில் கிடைக்கும்.

`rm` அழிக்கும் கட்டளை. அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது, போனது போனதுதான். அதனால் இதை நகல்கள் மட்டும் உள்ள கோப்புறையில்தான் செய்து பார்க்க வேண்டும். `*` குறி "எதுவானாலும்" என்று பொருள்படும் என்பதால் `rm *.txt` என்பது txt என்று முடியும் கோப்புகளை மட்டும் நீக்கும். அதையே `rm * .txt` என்று ஓர் இடைவெளி விட்டு அடித்தால் அந்தக் கோப்புறையின் எல்லாக் கோப்புகளும் போய்விடும். பிறகு `.txt` என்ற பெயரில் எதுவும் இல்லையே என்று `rm` ஒரு புகாரும் சொல்லும். பயிற்றுநர் இதை வேண்டுமென்றே செய்து காட்டலாம். காப்பு வழி எளிது: முதலில் `ls *.txt` அடித்து என்னென்ன வருகிறது என்று பார்த்துவிட்டு, மேலம்புக்குறி விசையால் அதே வரியை அழைத்து `ls` இருந்த இடத்தில் `rm` என்று மாற்றுவது.

பிற்பகல் அமர்வுக்காகத்தான் காலை முழுவதும். ஐந்து பேர் கொண்ட ஒரு கணக்கு மதிப்பெண் பட்டியலை எல்லோரும் `nano` என்ற எளிய எழுதியில் அடித்து `maths.csv` என்று சேமிப்பார்கள். வரிசை எண், பெயர், பிரிவு, மதிப்பெண் ஆகியவை காற்புள்ளியால் பிரிந்திருக்கும். உண்மையான மாணவர் விவரங்களைப் பொதுக் கணினியில் ஏற்றாமல் கற்பனைப் பெயர்களையே வைப்பது நல்லது.

```
1,Anbu,A,72
2,Banu,B,100
3,Chezhiyan,A,9
4,Devi,B,35
5,Ezhil,A,88
```

காற்புள்ளியைப் பிரிப்பானாகக் கொண்டு நான்காம் பத்தியின்படி அடுக்கு என்பதற்கு `sort -t, -k4 maths.csv`. விடையில் மதிப்பெண்கள் 100, 35, 72, 88, 9 என்று இறங்கி நிற்கும். அறையில் சலசலப்பு எழும், எழட்டும். 100 ஏன் முதலில், 9 ஏன் கடைசியில் என்பதை அவர்களே கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் கொடுப்பது நல்லது. அகராதியில் சொற்களை அடுக்குவதைப் போல, முதல் எழுத்தை மட்டும் பார்த்து 1, 3, 7, 8, 9 என்று அது அடுக்கியிருக்கிறது. எண்ணாகப் பார் என்று `-n` சேர்த்தால் 9, 35, 72, 88, 100 என்று சரியாகும். கணினி சொன்னதைச் செய்தது, நினைத்ததைச் செய்யவில்லை.

அடுத்தது குழாய். ஒரு கட்டளையின் விடையைத் திரைக்கு அனுப்பாமல் அடுத்த கட்டளையின் வாயில் ஊற்றுவதற்கான `|` குறி. பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் வலியுறுத்தி வந்த இந்த எண்ணத்தை 1973இல் கென் தாம்சன் யூனிக்ஸில் சேர்த்தார். காலையில் கண்ட மௌனத்துக்குக் காரணம் இங்கே தெரிகிறது: ஒவ்வொரு கட்டளையும் "வெற்றிகரமாக முடிந்தது" என்று உபசாரம் பேசினால், அந்தப் பேச்சும் குழாயில் கலந்து அடுத்த கட்டளையைக் குழப்பும்.

ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். மூன்றாம் பத்தியை மட்டும் `cut` வெட்டித் தரும். ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ண `uniq -c` உண்டு. இரண்டையும் இணைத்தால் ஒரு விந்தை: A ஒன்று, B ஒன்று, A ஒன்று, B ஒன்று, A ஒன்று என்று ஐந்து வரிகள் வரும். `uniq` அடுத்தடுத்து நிற்கும் வரிகளை மட்டுமே ஒப்பிடும் என்பதுதான் காரணம். நடுவில் `sort` வந்தால் எல்லாம் கூடிவிடும்.

```
$ cut -d, -f3 maths.csv | sort | uniq -c
      3 A
      2 B
```

முழு வரியையும் ஒரே மூச்சில் அடிக்கக் கூடாது. `cut` மட்டும் அடித்து விடையைப் பார்த்து, பிறகு `| sort` சேர்த்துப் பார்த்து, பிறகு மூன்றாவதைச் சேர்ப்பதே முறை. எங்கே பிசகியது என்று அப்போதுதான் தெரியும். முதல் மூன்று மதிப்பெண்களை எடுக்க `sort -t, -k4 -n -r maths.csv | head -n 3` என்று இதே போல் கட்டலாம்.

கோப்பின் பெயரைத் தராமல் `sort` என்று மட்டும் அடித்து எண்டர் தட்டியவர்களின் திரை உறைந்தது போல நிற்கும். அது உறையவில்லை, விசைப்பலகையிலிருந்து வரிகள் வரும் என்று காத்திருக்கிறது. மேற்கோள் குறியைத் திறந்து மூடாமல் விட்டவர்களுக்கு `$` போய் `>` தோன்றும். இரண்டிலிருந்தும் மீள கண்ட்ரோலும் சியும் சேர்த்துத் தட்ட வேண்டும். அந்த இணைப்பு டெர்மினலில் நகலெடுப்பதற்கல்ல, நிறுத்துவதற்கு. நகலெடுக்க ஷிப்ட் விசையையும் கூடவே அழுத்த வேண்டும்.

விடையைக் கோப்பில் சேமிக்க `>`. இதில் ஒரு குழி இருக்கிறது, அதில் ஒரு முறை விழவைப்பதே நல்ல பாடம். `cp maths.csv nagal.csv` என்று நகலெடுத்துக்கொண்டு, அந்த நகலை அடுக்கி அதே பெயரில் சேமிக்கச் சொல்ல வேண்டும்.

```
$ sort -t, -k4 -n nagal.csv > nagal.csv
$ wc -l nagal.csv
0 nagal.csv
```

வரிகளை எண்ணும் `wc -l` பூஜ்யம் என்கிறது. `sort` வேலையைத் தொடங்குவதற்கு முன்பே, `>` குறியைக் கண்ட ஷெல் அந்தக் கோப்பைத் துடைத்து வைத்துவிட்டது. `sort` படிக்க வந்தபோது அங்கே ஒன்றுமில்லை. ஆகவே விடைக்கு எப்போதும் புதிய பெயர் வேண்டும்.

3.15க்குத் தொடங்கும் கடைசி அமர்வு இரண்டு பிரிவுகளின் பட்டியலை ஒன்றாக்குவது: `cat 10a.csv 10b.csv > 10.csv`. பிரிவுக்கு 20 பேர் என்றால் 40 வரிகள் வேண்டும். `wc -l` சிலருக்கு 38 அல்லது 39 காட்டும். அது எண்ணுவது வரி முடியும் குறிகளை. முதல் கோப்பின் கடைசி வரியில் எண்டர் தட்டாமல் சேமித்திருந்தால், அந்த வரியும் அடுத்த கோப்பின் முதல் வரியும் ஒட்டிக்கொண்டு இரு மாணவர்கள் ஒரே வரியில் நிற்பார்கள். இரண்டாம் கோப்பிலும் அப்படியே விட்டிருந்தால் இன்னொன்று குறையும், ஆனால் அங்கே ஒட்ட எதுவும் இல்லாததால் பட்டியலுக்குச் சேதமில்லை. விண்டோஸின் நோட்பேடில் அடித்த கோப்புகளில் இது சகஜம். கோப்பைத் திறந்து கடைசியில் எண்டர் தட்டிச் சேமித்து மறுபடி சேர்த்தால் 40 வந்துவிடும்.

முடிவில் எல்லோரும் `history > indru.txt` என்று அடிப்பார்கள். அன்று அந்தக் கணினியில் அடித்த ஒவ்வொரு வரியும், தப்பும் தவறுமாக அடித்தவை உட்பட, வரிசை எண்ணுடன் அந்தக் கோப்பில் இறங்கிவிடும். பென்டிரைவில் எடுத்துப் போக வேண்டிய குறிப்பேடு அதுதான்.