பழைய தடம், புதிய போலி

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை மகாவலி மூடிவிட்டதாக வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. போலிப்படம் கண்டறியும் மென்பொருள் அதை ‘உண்மை’ என்கிறது. நம்பலாமா?

2020இல் பெர்க்லி ஆய்வாளர்கள், ‘புரோகேன்’ என்ற ஒரே போலிப்பட ஆக்கியின் படங்களைக் கொண்டு ஒரு மென்பொருளைப் பழக்கினார்கள். அதே குடும்பத்து ஆக்கிகளின் படங்களை அது நன்றாகவே பிடித்தது. பின்னால் வந்த ‘டிஃப்யூஷன்’ படங்களிலோ பெரும்பாலானவற்றைக் கோட்டைவிட்டது.

ஏன்? 2023இல் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் காரணத்தை விளக்கினார்கள். உண்மைப் படம் எப்படி இருக்கும் என்பதை அந்த மென்பொருள் கற்கவேயில்லை. பழைய ஆக்கி விட்டுச்செல்லும் நுண்தடத்தை மட்டுமே கற்றிருந்தது. அந்தத் தடம் இல்லாத எதுவும் ‘உண்மை’தான்.

நேர்மையாகச் சோதிப்பது எப்படி? பயிற்சியில் காட்டாத புதிய ஆக்கியின் படங்களைக் கொடுங்கள். உண்மைப் படம் ஜேபெக், போலி பிஎன்ஜி என்றிருந்தால் மென்பொருள் கோப்பு வகையைத்தான் பிரிக்கும். ஆகவே, பாலத்தின் 1,000 உண்மைப் படங்களையும் 1,000 போலிகளையும் ஒரே அளவாக்கி, வாட்ஸ்அப் வழியாகவே அனுப்பி எடுங்கள். தீர்ப்புக்கான எல்லைப் புள்ளியை முன்கூட்டியே குறித்து, பிறகு மாற்றாதீர்கள்.

900 போலிகள் தப்பி, உண்மைகள் அனைத்தும் சரியானால், மொத்தத் துல்லியம் 55 சதவீதம். பிடிபட்ட போலியோ 10 சதவீதமே. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.