மார்ச் 31 அன்று நிலைமை என்ன?

சி.ஏ., ஏ.சி.சி.ஏ. தேர்வுகளின் நிதி அறிக்கையியல் தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் கணக்கு ஒன்று உண்டு. இனிப்பு வகைகள் தயாரிக்கும் ஒரு நிறுவனம். 2025 ஜனவரியில் ஒரு திருமண வீட்டில் அதன் இனிப்பைச் சாப்பிட்ட சிலர் நோய்வாய்ப்படுகிறார்கள். பிப்ரவரியில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுகிறார்கள். மார்ச் 31-ல் நிதியாண்டு முடிகிறது. அன்றைய தேதியில் நிறுவனத்தின் வக்கீல், "நாம் தோற்க 20 சதவீத வாய்ப்புதான்" என்கிறார். மே 12-ல் 18 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது. மே 28-ல் இயக்குநர் குழு கணக்குகளுக்கு ஒப்புதல் தருகிறது. மார்ச் 31-ல் முடிந்த ஆண்டின் கணக்கில் என்ன காட்ட வேண்டும்?

மாணவர்களிடமிருந்து பொதுவாக இரண்டு தவறான விடைகள் வருகின்றன. "மார்ச் 31-ல் தோற்கும் வாய்ப்பு குறைவு, ஆகவே குறிப்பில் சொன்னால் போதும்" என்பது ஒன்று. "தீர்ப்பு மே மாதம்தான் வந்தது, ஆகவே அடுத்த ஆண்டுச் செலவு" என்பது இன்னொன்று. சரியான விடை, இந்த ஆண்டுக் கணக்கிலேயே 18 லட்சத்துக்கு ப்ராவிஷன், அதாவது ஒதுக்கீடு, காட்ட வேண்டும் என்பதுதான். ஏன் என்று புரிய, இரண்டு தரநிலைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஐ.ஏ.எஸ். 37, ஒதுக்கீடுகளையும் எதிர்பாராப் பொறுப்புகளையும் பற்றியது. ஐ.ஏ.எஸ். 10, நிதியாண்டு முடிந்த பிறகு நடப்பவற்றைப் பற்றியது. இந்தியாவில் இவற்றுக்கு இணையானவை இந்த்-ஏ.எஸ். 37, இந்த்-ஏ.எஸ். 10.

ஒதுக்கீடு காட்ட மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். கடந்த காலத்தில் நடந்த ஒன்றால் இன்றைக்கு ஒரு கடப்பாடு உருவாகியிருக்க வேண்டும். அதைத் தீர்க்கப் பணமோ வேறு வளமோ கையைவிட்டுப் போகும் வாய்ப்பு, போகாத வாய்ப்பைவிட அதிகமாக இருக்க வேண்டும். தொகையை நம்பத்தகுந்த முறையில் மதிப்பிட முடிய வேண்டும். முதல் நிபந்தனை உறுதியாகாமல் சாத்தியமாக மட்டும் நின்றாலோ, மற்ற இரண்டில் ஒன்று தவறினாலோ அது கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி, அதாவது எதிர்பாராப் பொறுப்பு. அது இருப்புநிலைக் குறிப்புக்குள் போகாது. கணக்குகளோடு சேர்ந்த விளக்கக் குறிப்பில் மட்டும் இடம்பெறும். பணம் போகும் வாய்ப்பு மிக அரிது என்றால் அந்தக் குறிப்பும் தேவையில்லை.

இனிப்பு நிறுவனத்தின் கதையில் கடந்த கால நிகழ்வு எது? பலர் வழக்கைச் சொல்வார்கள், சிலர் தீர்ப்பைச் சொல்வார்கள். இரண்டுமே இல்லை. கெட்டுப்போன இனிப்பு ஜனவரியில் பரிமாறப்பட்டதுதான் அந்த நிகழ்வு. மார்ச் 31-ல் நிறுவனத்துக்குக் கடப்பாடு இருந்ததா என்பது சந்தேகமாக இருந்தது. மே மாதத் தீர்ப்பு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது. ஆண்டு இறுதியில் ஏற்கெனவே இருந்த நிலைமைக்குப் பிறகு கிடைக்கும் இத்தகைய சான்றை, கணக்கைத் திருத்தவைக்கும் நிகழ்வு என்று ஐ.ஏ.எஸ். 10 வகைப்படுத்துகிறது. வக்கீலின் 20 சதவீதக் கணிப்பு அன்றைக்கு நேர்மையானதுதான். ஆனால் கணக்குகள் ஒப்புதலாகும் முன்பே அதைவிட வலுவான சான்று கிடைத்துவிட்டது.

தேதிகளைக் கொஞ்சம் மாற்றினால் விடையும் மாறும். கேள்வி தயாரிப்பவர்கள் கைவைக்கும் இடமும் இதுதான். அந்த இனிப்பு ஏப்ரல் 10-ல் பரிமாறப்பட்டிருந்தால், மார்ச் 31-ல் எந்தக் கடப்பாடும் இல்லை. தீர்ப்பு மே மாதமே வந்தாலும் ஒதுக்கீடு கிடையாது. தொகை பெரிதாக இருந்தால், நடந்ததையும் அதன் நிதி விளைவையும் விளக்கக் குறிப்பில் சொல்ல வேண்டும். இனிப்பு ஜனவரியிலேயே பரிமாறப்பட்டு, தீர்ப்பு மட்டும் ஜூன் 10-ல், அதாவது ஒப்புதலுக்குப் பிறகு வந்திருந்தால், வக்கீலின் கணிப்பே நிற்கும்: எதிர்பாராப் பொறுப்பாக ஒரு குறிப்பு. மூன்று கணக்குகளிலும் தொகை அதே 18 லட்சம்தான்.

அடுத்த சிக்கல் எவ்வளவு என்பது. ஒப்புதல் நாள் வரை தீர்ப்பு வரவில்லை, வக்கீல் "15 லட்சம் கொடுக்க வேண்டிவர 70 சதவீத வாய்ப்பு, ஒன்றும் கொடுக்காமல் தப்ப 30 சதவீத வாய்ப்பு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 லட்சத்தை 70 சதவீதத்தால் பெருக்கிப் பத்தரை லட்சம் என்று எழுதுவது பரவலான தவறு. பத்தரை லட்சம் கொடுக்கும் நிலை இந்த வழக்கில் வரவே போவதில்லை. கொடுத்தால் 15, இல்லையேல் சுழியம். ஒற்றை வழக்கு என்றால் அதிக வாய்ப்புள்ள முடிவையே பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒதுக்கீடு 15 லட்சம்.

பெருக்கிக் கூட்டும் முறைக்கும் இடம் இருக்கிறது. ஒரு நிறுவனம் 10,000 மிக்சிகளை வாரண்டியோடு விற்கிறது. அனுபவப்படி 80 சதவீதத்தில் கோளாறு வராது. 15 சதவீதத்தில் 200 ரூபாய் செலவாகும் சிறு பழுது வரும். 5 சதவீதத்தில் 1,000 ரூபாய் செலவாகும் பெரும் பழுது வரும். 1,500 மிக்சிகளுக்கு 3 லட்சம், 500 மிக்சிகளுக்கு 5 லட்சம், ஆக 8 லட்சம் ஒதுக்கீடு. தனித்தனி மிக்சியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாவிட்டாலும், பத்தாயிரத்தை மொத்தமாகப் பார்க்கும்போது சராசரி பலிக்கிறது.

இனிப்பு வழக்கில் காப்பீட்டு நிறுவனம் 6 லட்சம் தரும் என்று ஒரு வரியைச் சேர்த்தால், 18-லிருந்து 6-ஐக் கழித்து 12 லட்சம் என்று எழுதத் தோன்றும். இருப்புநிலைக் குறிப்பில் அப்படிக் கழிக்கக் கூடாது. 18 லட்சம் பொறுப்பாக நிற்கும். காப்பீட்டுப் பணம் வருவது ஏறத்தாழ நிச்சயம் என்றால் மட்டும் 6 லட்சம் தனிச் சொத்தாக வரும். லாப நட்டக் கணக்கில் மட்டும் இரண்டையும் சேர்த்து நிகரமாகக் காட்டலாம். நோயுற்றவர்களுக்குப் பணம் தர வேண்டியது இனிப்பு நிறுவனம். காப்பீட்டு நிறுவனம் தராவிட்டாலும் அந்தக் கடன் தீராது.

"எந்தத் தேதியில் என்ன நிலைமை?" என்ற இதே கேள்வியை 2020-ல் உலகெங்கும் கணக்கர்கள் கேட்க நேர்ந்தது. 2019 டிசம்பர் 31-ல் ஆண்டை முடித்த நிறுவனங்களுக்கு கொரோனாவின் விளைவுகள் பொதுவாகக் கணக்கைத் திருத்தாத நிகழ்வாகவே கருதப்பட்டன; நோய் உலகைப் புரட்டிப்போட்டது அதற்குப் பிறகுதான். இந்திய நிறுவனங்களின் ஆண்டு முடிந்தது 2020 மார்ச் 31-ல். நாடு தழுவிய ஊரடங்கு மார்ச் 25-லேயே தொடங்கிவிட்டது. ஆகவே தேங்கிய சரக்கின் மதிப்பு, வராக்கடன் போன்றவற்றை அந்த ஆண்டுக் கணக்கிலேயே மதிப்பிட வேண்டியிருந்தது.

இந்தத் தேதிக் கணக்கு செல்லாத இடம் ஒன்றையும் ஐ.ஏ.எஸ். 10 சொல்கிறது. ஏப்ரலில் ஆலை தீப்பிடித்தால் அது கணக்கைத் திருத்தாத நிகழ்வு. விளக்கக் குறிப்போடு முடியும். ஆனால் அந்தத் தீயால் நிறுவனத்தை இழுத்து மூடுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்ற நிலை வந்துவிட்டால், தொழில் தொடரும் என்ற அடிப்படையில் மார்ச் 31-ன் கணக்குகளைத் தயாரிக்க முடியாது. அப்போது ஓர் எண்ணைத் திருத்தினால் போதாது. கணக்குகளின் அடிப்படையையே மாற்ற வேண்டும். தீ விபத்தைக் கண்டதும் "விளக்கக் குறிப்பு மட்டும்" என்று எழுதிவிட்டு நகராமல், நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்பதைச் சொல்லும் வரி கேள்வியில் இருக்கிறதா என்று மாணவர் தேடிப் பார்க்க வேண்டும்.