டெஸ்லாவின் பிட்காயின்: ஏட்டில் 18 கோடி, சந்தையில் 73 கோடி

2024 செப்டம்பர் 30-ஆம் தேதியிட்ட டெஸ்லா நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பில், டிஜிட்டல் சொத்துகளின் மதிப்பு 18.4 கோடி டாலர் என்று இருந்தது. அந்தக் கார் நிறுவனம் வைத்திருந்தவை 11,509 பிட்காயின்கள். வாங்கியபோது கொடுத்த விலை 38.6 கோடி டாலர். அன்றைய சந்தை விலையில் விற்றிருந்தால் ஏறத்தாழ 73 கோடி டாலர் கிடைத்திருக்கும். ஏட்டில் இருந்த எண் வாங்கிய விலையும் இல்லை, விற்கும் விலையும் இல்லை. ஆனாலும் யாரும் தில்லுமுல்லு செய்யவில்லை. விதியை அப்படியே பின்பற்றியதால் வந்த எண் அது.

சிக்கல், பிட்காயினை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில் தொடங்குகிறது. ரொக்கம் என்று எழுத முடியாது. அமெரிக்காவில் அது சட்டப்படியான நாணயம் இல்லை. பங்கு, கடன் பத்திரம் போன்ற நிதிச் சொத்து என்றால், மறுபக்கம் பணம் தரக் கடமைப்பட்ட ஒருவரோ, உரிமை தரும் ஒரு நிறுவனமோ இருக்க வேண்டும். பிட்காயினுக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. கார் விற்கும் நிறுவனத்துக்கு அது சரக்கிருப்பும் ஆகாது. எல்லாக் கதவும் மூடியபின் திறந்திருந்தது ஒன்றுதான்: காப்புரிமை, வணிகச் சின்னம் போன்றவை அடங்கும் புலனாகாச் சொத்து.

காப்புரிமைக்கு அன்றாடச் சந்தை கிடையாது. மதிப்பை உயர்த்திக்கொள்ள அனுமதித்தால், ஆளாளுக்கு ஒரு தொகையை எழுதிக்கொள்வார்கள். எனவே மதிப்பு குறைந்தால் நட்டம் எழுது, திரும்ப ஏறினாலும் விற்கும்வரை தொடாதே என்று அமெரிக்க விதி சொன்னது. காப்புரிமைக்கு அது நல்ல விதி. இரவு பகலாக விலை பேசப்படும் பிட்காயினுக்கு அதைப் பொருத்தியதுதான் கோளாறு. 40,000 டாலருக்கு வாங்கிய காயின் காலாண்டின் நடுவில் ஒரே ஒரு நாள் 30,000-க்கு இறங்கி, காலாண்டு முடிவில் 45,000-ல் நின்றாலும், ஏட்டில் 30,000 என்றே இருக்கும். டெஸ்லாவின் 18.4 கோடியை 11,509-ஆல் வகுத்துப் பாருங்கள். காயினுக்கு சுமார் 16,000 டாலர் வரும். எஃப்டிஎக்ஸ் பரிமாற்றகம் சரிந்த 2022 நவம்பரில் விலை இருந்த மட்டம் அது. பிறகு விலை பல மடங்கு ஏறியும், ஏடு அந்த அடிமட்டத்திலேயே நின்றுவிட்டது.

இதில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. விற்றால்தான் லாபம் தெரியும் என்பதால், லாபத்தை எந்தக் காலாண்டில் காட்டுவது என்பது நிர்வாகத்தின் கையில் இருந்தது. டெஸ்லா 2021-இன் முதல் காலாண்டில் 150 கோடி டாலருக்கு பிட்காயின் வாங்கி, அதே காலாண்டில் ஒரு பகுதியை விற்று 12.8 கோடி லாபம் எழுதியது. கைவசம் மீதியிருந்தவற்றுக்கு 2.7 கோடி மதிப்பிழப்பும் எழுதியது. ஏறிக்கொண்டிருந்த ஒரே சொத்தில், ஒரே காலாண்டில், லாபமும் நட்டமும்!

அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் 2023 டிசம்பரில் விதியை மாற்றியது. இனி ஒவ்வொரு அறிக்கைத் தேதியிலும் சந்தை விலையில் காட்ட வேண்டும்; ஏற்ற இறக்கம் நேராக லாப நட்டக் கணக்குக்குப் போகும். டெஸ்லா அதை 2024-ஆம் ஆண்டுக்கே நடைமுறைப்படுத்த, ஆண்டு முடிவில் 18.4 கோடி 107.6 கோடியானது. இதில் சுமார் 30 கோடி, பழைய ஆண்டுகளுக்கு உரியது என்பதால் தொடக்க இருப்பில் நேராகச் சேர்ந்தது. மீதி 59 கோடி அந்த ஆண்டின் லாபத்தில் ஏறியது. ஒரு காயின்கூட விற்கவில்லை, ஒரு டாலரும் உள்ளே வரவில்லை. அடுத்த காலாண்டிலேயே விலை இறங்கி 12.5 கோடி நட்டம் வந்தது. அந்தக் காலாண்டில் டெஸ்லாவின் மொத்த நிகர லாபமே 40.9 கோடிதான்.

புதிய விதி பழையதைவிட நேர்மையானது என்றே நினைக்கிறேன். ஆனால் கார் விற்று வந்த லாபமும் பிட்காயின் விலை ஏறியதால் வந்த லாபமும் கடைசி வரியில் கலந்துவிடுகின்றன. பணம் உண்மையில் வந்ததா என்று அறிய, பணப்பாய்வு அறிக்கையையும் சேர்த்துப் படிக்கத்தான் வேண்டும்.

சர்வதேசத் தரத்தின்கீழ் இன்னொரு வினோதம். 2019 ஜூனில் அதன் விளக்கக் குழு, வியாபாரச் சரக்காக வைத்திருந்தால் தவிர, கிரிப்டோ புலனாகாச் சொத்துதான் என்று சொல்லிவிட்டது. சுறுசுறுப்பான சந்தை இருந்தால் மறுமதிப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் வாங்கிய விலைக்கு மேல் ஏறும் தொகை லாபத்தைத் தொடாமல் தனி இருப்புக்குப் போகும். பின்னர் விற்றாலும் அது லாபக் கணக்குக்கு வராது. இறக்கம் வாங்கிய விலைக்குக் கீழே போனால் மட்டும் லாபத்தைக் கடிக்கும்.

இந்தியத் தரமும் அந்தச் சர்வதேசத் தரத்தை ஒட்டியதுதான். 2021 ஏப்ரல் முதல், கிரிப்டோவில் வணிகமோ முதலீடோ செய்த நிறுவனங்கள் அதில் வந்த லாப நட்டம், ஆண்டிறுதியில் கையில் உள்ள அளவு, அதற்காகப் பிறரிடம் வாங்கிய முன்பணம் ஆகியவற்றைக் குறிப்புகளில் வெளியிட வேண்டும் என்று கம்பெனிகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொல்கிறது. ஆண்டறிக்கையில் அந்தக் குறிப்பைக் கண்டால், கணக்கியல் கொள்கைப் பக்கத்தையும் புரட்டி, மதிப்பு வாங்கிய விலையில் இருக்கிறதா, மறுமதிப்பீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். அது தெரியாமல் அங்கே போட்டிருக்கும் தொகையை வைத்து எதையும் கணக்குப் போட முடியாது.