டம்ளருக்குள் தெரியும் அறை

எவர்சில்வர் டம்ளருக்கென்று சொந்த நிறம் ஏதும் கிடையாது. நீலச் சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் நீலம் ஏறும். படம் எடுப்பவர் சிவப்புச் சட்டை போட்டிருந்தால் நடுவில் ஒரு சிவப்புக் கோடு விழும். வாட்ஸ்ஆப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பாத்திரம் விற்கிறவர்களின் படங்களைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால் இது புரியும். டியூப் லைட், ஜன்னல் கம்பி, கையில் போனோடு நிற்கும் ஆள் என்று வீட்டுக் கூடம் முழுக்க அந்தப் பாத்திரத்துக்குள் குடியிருக்கும்.

கண் கூசுகிறதே என்று பலர் முதலில் செய்வது விளக்குகளை அணைப்பது, அல்லது போனில் இருக்கும் ஃப்ளாஷைப் போடுவது. இரண்டும் உதவாது. ஃப்ளாஷ் மிகச் சிறிய விளக்கு. பாத்திரத்தில் அது சுள்ளென்று ஒரு வெள்ளைப் புள்ளியாக விழும், சுற்றிலும் இருட்டாகிவிடும். புடவையைப் படம் எடுக்கும்போது துணி தன்மேல் விழும் ஒளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்கிறது. அதனால் விளக்கு எங்கே இருந்தாலும் புடவை தெரியும். மெருகேற்றிய உலோகம் ஒளியைச் சிதறடிப்பதில்லை. வந்த கோணத்திலேயே மறுபக்கம் திருப்பி அனுப்பிவிடுகிறது. ஆகவே டம்ளரைப் படம் எடுப்பது என்றால், அதைச் சுற்றி இருப்பதைப் படம் எடுப்பதுதான். பிரதிபலிப்பை ஒழிக்க முடியாது. எது பிரதிபலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத்தான் முடியும்.

டம்ளரின் எந்த இடம் எதைக் காட்டுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 7 சென்டிமீட்டர் அகலமுள்ள நேரான டம்ளர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நடுப்பகுதி சுமார் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு அறையின் முன்பாதியை, அதாவது போன் இருக்கும் பக்கத்தை, காட்டுகிறது. இரண்டு ஓரங்களிலும் மிஞ்சும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்குள் பின்பாதி அறை மொத்தமும் நசுங்கி அடைந்துகொள்கிறது. விளிம்பை நெருங்க நெருங்க, டம்ளருக்கு நேர் பின்னால் இருக்கும் பொருள்தான் அதில் தெரியும்.

இனி வேலை. மேஜையை ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டு, நேர் வெயில் விழாத நேரமாகப் பார்க்க வேண்டும். டியூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் கலந்தால் டம்ளரின் ஒரு பக்கம் நீலமாகவும் இன்னொரு பக்கம் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும். டம்ளரை மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, அதன் பிறகு பருத்திக் கையுறையோடுதான் தொட வேண்டும். கைரேகை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் படத்தில் தெரிந்துவிடும். அடியில் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை விரித்து, மடிப்பு விழாமல் பின்பக்கம் வளைத்து உயர்த்தினால் பின்னணி தயார்.

ஜன்னலுக்கும் டம்ளருக்கும் நடுவில் பெரிய டிரேசிங் பேப்பர் ஒன்றைத் தொங்கவிட்டால் ஜன்னல் கம்பிகள் மறைந்து, ஒரே சீரான வெள்ளைப் பரப்பு கிடைக்கும். எதிர்ப்பக்கம் வெள்ளை சார்ட். மேலேயும் ஒரு டிரேசிங் பேப்பர் வேண்டும். டம்ளரின் வாய் விளிம்பு கூரையையும் மின்விசிறியையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. முன்பக்கம் இரண்டு வெள்ளை அட்டைகளை நிறுத்தி, லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும் நடுவில் இடைவெளி விட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் படம் எடுத்தால் பெரும்பாலோருக்கு ஏமாற்றம்தான். அழுக்குப் பிரதிபலிப்புகள் போய்விட்டன, ஆனால் டம்ளரும் போய்விட்டது. வெள்ளைப் பின்னணியில் வெளிறிய ஒரு உருவம், விளிம்பு எங்கே முடிகிறது என்றே தெரியாது. கடையில் விற்கும் வெள்ளைத் துணிக் கூடாரங்களை வாங்கி அதோடு நின்றுவிடுகிறவர்களின் படங்கள் இப்படித்தான் இருக்கும். உலோகம் உலோகமாகத் தெரிய வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பும் வேண்டும்.

அதற்குத்தான் கறுப்பு சார்ட். இரண்டு அங்குல அகலத்தில் இரண்டு பட்டைகளை வெட்டி, டம்ளருக்குச் சற்றுப் பின்னால், இடமும் வலமுமாக, படத்தின் சட்டகத்துக்குச் சற்று வெளியே நிற்க வைக்க வேண்டும். ஓரங்கள் பின்பாதி அறையைத்தானே காட்டுகின்றன? கறுப்புப் பட்டைகள் அங்கே மெல்லிய கறுப்புக் கோடுகளாக விழும். பேனாவால் வரைந்த மாதிரி டம்ளரின் உருவம் உடனே எழுந்து நிற்கும். பட்டையை முன்னும் பின்னும் நகர்த்தினால் கோடு தடிக்கும், மெலியும். இந்தத் தொழிலில் மிக மலிவான சாமான் இதுதான். பலன் அதிகம் தருவதும் இதுவே.

ஏதோ ஒரு கறை மட்டும் போகாமல் அடம்பிடித்தால், லென்ஸ் இருக்கும் இடத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு, இன்னொருவரை ஒரு பென்சிலை டம்ளரைச் சுற்றி நகர்த்தச் சொல்ல வேண்டும். பென்சிலின் பிம்பம் எப்போது கறைமேல் விழுகிறதோ, அந்தத் திசையில்தான் குற்றவாளி இருக்கிறது.

மிச்சமிருப்பது படம் எடுக்கும் ஆள். ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கும் மனிதர் இந்த டம்ளரில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலக் கோடாக விழுவார். இரண்டு மீட்டருக்குப் போனால் அதில் பாதி. ஆகவே கிட்டே போகாமல் தள்ளி நின்று, போனில் 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் லென்ஸைப் பயன்படுத்துவது நல்லது. போனை ஸ்டாண்டில் வைத்து, டைமரைப் போட்டுவிட்டு ஆள் விலகிக்கொண்டால் இன்னும் நல்லது. அப்போதும் போன் மட்டும் மெல்லிய கோடாகத் தெரியும். அதை எடிட்டிங்கில் அழிப்பது சில நொடி வேலை. காட்சி முழுக்க வெள்ளையாக இருப்பதால் போன் அதைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். திரையைத் தொட்டு, சூரியக் குறியை மேலே இழுத்து, தாள் வெள்ளையாகும் வரை வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

போலரைசர் ஃபில்டர் வாங்கினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீர், கண்ணாடி, வார்னிஷ் அடித்த மரம் ஆகியவற்றின் கூச்சத்தை அது சரியான கோணத்தில் நன்றாகவே குறைக்கும்; அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்துக்கு ஒடுங்கிவிடுகிறது. வெறும் உலோகத்தில் அப்படி ஒடுங்குவது குறைவு. விளக்குக்கு முன்னாலும் ஒரு போலரைசர் தாளைப் பிடித்தால் பளபளப்பு அடங்கும்தான், ஆனால் எவர்சில்வர் ஈயம் போலக் கறுத்துப்போகும். அதை யார் வாங்குவார்?

நகைக்கு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. ஜிமிக்கியின் ஒவ்வொரு மணியும் ஒரு குட்டி உருண்டை. உருண்டைக் கண்ணாடி கிட்டத்தட்ட அறை முழுவதையும் காட்டும், பார்ப்பவரின் கண் எப்போதும் அதன் மையத்திலேயே இருக்கும். டச்சு ஓவியர் எஷர் 1935இல் கையில் ஏந்திய கண்ணாடிக் கோளத்தில் தன்னையே வரைந்தது இதை வைத்துத்தான். மணிக்கு மணி கறுப்புப் பட்டை வைக்க முடியாது. அதனால் டிரேசிங் பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி நகையின்மேல் கவிழ்த்து, உச்சியில் ஓட்டை போட்டு அதன் வழியே எடுக்கிறார்கள். தங்கம் வெளுத்துத் தெரிந்தால், கூம்பின் ஒரு பக்கத்தில் வெளியிலிருந்து கறுப்பு அட்டையைச் சாய்த்து ஒளியைக் கொஞ்சம் மறைத்தால் மஞ்சள் ஆழமாகும்.

ஆனால் கூம்புக்குள் கெம்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் செத்துப்போகும். கல் மின்னுவதற்கு இருட்டும், நடுவில் சிறிய கூரிய ஒளியும் வேண்டும். நகைக்கடைகள் கூரையில் சின்னச் சின்ன ஸ்பாட் லைட் போடுவது அதற்காகத்தான். உலோகம் கேட்பதும் கல் கேட்பதும் எதிரெதிர் என்பதால், ஒரே படத்தில் இரண்டையும் முழுதாகப் பிடிப்பது கடினம். கேமராவை அசைக்காமல் கூம்போடு ஒரு படம், கூம்பை எடுத்துவிட்டு ஒரு சிறு எல்இடி டார்ச்சால் கல்லுக்காக இன்னொரு படம் எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கல் பகுதியை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள். நைலான் நூலில் தொங்கும் ஜிமிக்கி இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் சுழன்றாலும் பொருந்தாது. படம் எடுத்து முடியும்வரை ஃபேனைப் போடக் கூடாது.