பத்தாம் திகதிக்குப் பிறகு நான்கு இரவுகள்

ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை பக்கத்துப் பலசரக்குக் கடைகளுக்கு மாதம் பிறப்பது ஒன்றாம் திகதியில் அல்ல, தோட்டத்துச் சம்பளம் போடும் பத்தாம் திகதியில்தான். அதுவரை அரிசியும் மாவும் பருப்பும் கடன் கொப்பியில் போகும். கொழும்பு ஏஜென்டுக்கோ மாதத் தொடக்கத்திலேயே செக் கொடுத்தாக வேண்டும். இந்த இடைவெளியை அடைப்பது நடைமுறைக் கணக்கின் மேலதிகப் பற்று, நம்மவர் சொல்கிற ‘ஓடி’. அதற்கு வட்டி எப்படி விழுகிறது என்பதைக் கடைக்காரர்கள் பலருக்கு யாரும் விளக்கிச் சொன்னதில்லை. அந்தக் குறை என்னை உறுத்துகிறது.

வட்டி முழு வரம்புக்கும் இல்லை, மாதக் கடைசி மீதிக்கும் இல்லை. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கு எவ்வளவு பற்றில் நிற்கிறதோ, அந்தத் தொகைக்கு ஒரு நாள் வட்டி. முப்பது நாளையும் கூட்டி மாத முடிவில் கணக்கிலேயே கழித்துவிடுவார்கள். கழித்த வட்டியும் பற்றோடு சேர்ந்து, மறுநாளிலிருந்து தானும் வட்டி தின்னும்.

ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். வரம்பு 10 லட்சம், வட்டி கணக்குக்கு எளிதாக ஆண்டுக்கு 15 சதவீதம். ஏஜென்டுக்குச் செக் போனதால் 1ஆம் திகதியிலிருந்து பற்று 9 லட்சம். 10ஆம் திகதி இரவு கொப்பிக் கடன் 4 லட்சம் காசாகக் கைக்கு வருகிறது. அதை 11ஆம் திகதி காலையே வங்கியில் போட்டால் பத்து நாள் 9 லட்சம், இருபது நாள் 5 லட்சம். நாளையும் தொகையையும் பெருக்கிக் கூட்டினால் 190 லட்சம். அதை 15 சதவீதத்தால் பெருக்கி 365ஆல் வகுத்தால் வட்டி 7,808 ரூபாய். அதே காசை மேசை லாச்சியில் வைத்திருந்து 15ஆம் திகதி போட்டால் 8,466 ரூபாய். நான்கு இரவுக்கு 658 ரூபாய். இரண்டு வகையிலும் மாதக் கடைசி மீதி ஒன்றுதான், அதனால் கூற்றின் கடைசி வரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த நட்டம் கண்ணில் படாது. “14ஆம் திகதி இன்னொரு ஏஜென்டுக்குக் கொடுக்க வேண்டுமே” என்றால், காசைப் போட்டுவிட்டு அந்தத் திகதிக்குச் செக் கொடுக்கலாம். செக் பணமாகும் வரை வட்டி குறைந்தே இருக்கும்.

செக்காக வரும் வரவுக்கு ஒரு கவனம் தேவை. வேற்று வங்கிச் செக் போட்ட அன்றே பணமாகாது, பொதுவாக அடுத்த வேலைநாளில்தான். வெள்ளிக்கிழமை போட்டது திங்கட்கிழமை, அன்று போயா என்றால் செவ்வாய். கூற்றில் வரவு எழுதியிருந்தாலும் இடைப்பட்ட நாட்களுக்கு வட்டி ஓடும். அந்தப் பணத்தை நம்பிச் செக் எழுதினால் வரம்பைத் தாண்டலாம், செக் திரும்பலாம்.

வரம்பைத் தாண்டினால் அபராத வட்டி வரும். அது தாண்டிய தொகைக்கு மட்டும் விழுந்ததா, முழுப் பற்றுக்குமா என்று பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி, அபராத வட்டி வழக்கமான வட்டியைவிட 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் கூற்றில் இருப்பது எந்த உத்தரவின்படி என்று கிளையில் கேளுங்கள். வட்டி விகிதமே மாறக்கூடியது என்றால், எதோடு சேர்ந்து மாறும் என்பது அனுமதிக் கடிதத்தில் இருக்கும். பெரும்பாலும் அது மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும் சராசரி நிறையேற்றிய முதன்மைக் கடன் வீதம்.

புதுப்பித்தல் கட்டணம் வேறு கதை. வட்டி எடுத்த தொகைக்கு என்றால், இந்தக் கட்டணம் பெரும்பாலும் வரம்புக்கு. 10 லட்சம் வரம்புக்கு ஒரு சதவீதம் என்றால் 10,000 ரூபாய், நீங்கள் 6 லட்சத்தைத் தாண்டாவிட்டாலும் அதே 10,000. பன்னிரண்டு மாதக் கூற்றில் மிக ஆழமான பற்றைத் தேடிப் பாருங்கள். அது 6 லட்சம் என்றால் 7 லட்சம் வரம்பு போதும், 3,000 மிஞ்சும். தீபாவளி மாதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், சரக்கு கூடுவது அப்போதுதான். காலாவதித் திகதியைத் தவறவிடுவது அதைவிடச் செலவு: புதுப்பிக்காத பற்றைத் தற்காலிகப் பற்றாகக் கருதி, கூடிய வட்டி போட வங்கிக்கு இடமுண்டு. இரண்டு மாதம் முன்பே கணக்கு வழக்கைக் கொடுத்து, கொடுத்த நாளுக்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கட்டணத்தை முன்கூட்டியே அறியவும், நிபந்தனைகளைத் தமிழில் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கணக்கு பிசகினால் நாள்வாரி மீதியும் அன்றைய விகிதமும் உள்ள வட்டிக் கணக்கைக் கிளையில் எழுத்தில் கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் அந்தக் கடிதப் பிரதியோடு மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு, 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். நிதியியல் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். எந்த நாள், எந்தத் தொகை, எத்தனை ரூபாய் கூடுதல் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.