ஏசியை நிறுத்திய பிறகு ஒழுகும் தண்ணீர்

சீலிங்கில் பதித்த கேசட் ஏசி ஒழுகினால் முதலில் பழி விழுவது அதிலுள்ள டிரெயின் பம்பின் மேல்தான். ஆனால் பல இடங்களில் பம்பு நன்றாகவே இருக்கும்.

சுவர் ஏசியில் தண்ணீர் சரிவில் தானாக வெளியே ஓடிவிடும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் அந்தச் சரிவுக்குப் பெரும்பாலும் இடம் இருக்காது. அதனால் காயிலிலிருந்து தட்டில் சேரும் நீரைச் சிறு பம்பு ஒன்று உறிஞ்சி, முக்கால் மீட்டர் வரை மேலே ஏற்றிக் குழாயில் விடும். கடலோரப் புழுக்கத்தில் 2 டன் மெஷினில் மணிக்கு 2, 3 லிட்டர் கூடச் சேரும். தட்டில் நீர் அளவு மீறினால் மிதவை எழும்பும். கம்ப்ரசர் நிற்கும், பம்பு மட்டும் ஓடும், விளக்கு மின்னும். டைகினில் A3, எல்ஜியில் CH04 என்று கோடு வரும்.

ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். பகலில் ஒரு சொட்டு இல்லை, அலாரமும் இல்லை. காலையில் திறந்தால் மட்டும் சீலிங்கில் ஈரத் திட்டு. புதுப் பம்பு போட்டும் தீரவில்லை.

ஏணி போட்டு மேலே பார்த்தால் காரணம் தெரியும். பம்பிலிருந்து ஏறிய குழாய் அடுத்து 4 மீட்டர் படுக்கையாகப் போகிறது. கிளாம்புகள் தள்ளித்தள்ளி இருப்பதால் அது தொங்கி, சரிவு மெஷின் பக்கமே திரும்பியிருக்கிறது. 25 மி.மீ. உள்விட்டக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் நிற்கும். 4 மீட்டரில் பாதி நிறைந்திருந்தாலே ஒரு லிட்டர். பம்பு நின்றதும் அவ்வளவும் தட்டுக்குத் திரும்புகிறது.

திரும்பினாலும் மின்சாரம் இருந்தால் மிதவை எழும்பி பம்பை மறுபடி ஓட வைக்கும். இங்கே கடை பூட்டும்போது ரிமோட்டைத் தொடாமல் எம்சிபியை இறக்கிவிடுகிறார்கள். மிதவை எழும்பியும் பயனில்லை, பம்புக்குக் கரண்ட் கிடையாது. ஈரக் காயிலும் தன் பங்குக்குச் சொட்ட, தட்டு வழிகிறது.

குழாயை மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் வெளிப்பக்கம் சரித்து, ஒன்று, ஒன்றரை மீட்டருக்கு ஒரு கிளாம்பு போட்டாலே பாதி வேலை முடிந்தது. பூட்டும்போது முதலில் ரிமோட்டில் நிறுத்த வேண்டும்; பம்பு சில நிமிடம் கூடுதலாக ஓடி முடித்த பிறகே எம்சிபி.

பகலிலேயே அலாரம் அடித்தால் கதை வேறு. பெரும்பாலும் தட்டில் படிந்த வழவழப்பான பாசி, பம்பின் வாயை அடைத்திருக்கும் அல்லது மிதவையை மேலேயே ஒட்ட வைத்திருக்கும். சுத்தம் செய்த பின் கூலிங்கில் ஓடவிட்டு (வெறும் ஃபேனில் பல மெஷின்களில் பம்பு ஓடாது) தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை மெல்ல ஊற்றி, வெளிமுனையில் அது வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அலாரம் தொல்லை என்று மிதவையின் ஒயரை ஷார்ட் செய்துவிட்டுப் போவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். கம்ப்ரசர் நிற்காது, பம்பு இழுக்காத நீர் முழுவதும் சீலிங் வழியாகக் கீழே வரும்.