காசோலையின் இரண்டாவது கையெழுத்து

தோழர்களே, அதிகாரத்தைக் கீழே இறக்கினால் பதில் சொல்லும் பொறுப்பு கூடும் என்பார்கள். 1996இல் கேரளம் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குத் தர முடிவெடுத்தது. அங்கே அந்த வாதத்துக்கு வலு உண்டு. திருப்பூரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் நின்று அதைச் சோதிப்போம்.

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள். இடஒதுக்கீடு தலைவர் பதவிக்குத்தான்.

காலனிக்குக் குடிநீர்க் குழாய் போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பில்லுக்கு அருந்ததியர் பெண் தலைவர் கையெழுத்திடுகிறார். ஆதிக்கச் சாதித் துணைத்தலைவர் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்கிறார். பணம் வராத ஒப்பந்தக்காரர் அடுத்த வேலைக்கு வருவதில்லை. கிராம சபையில் எல்லோரும் வறுத்தெடுப்பது தலைவரை. பதில் சொல்பவர் ஒருவர், பணத்தை நிறுத்துபவர் வேறொருவர்.

பனியன் கம்பெனி வேலைக்கு வந்து லைன் வீடுகளில் இருப்போருக்கு அந்தக் கேள்வியும் இல்லை. ஊராட்சி வாக்காளர்தான் கிராம சபை உறுப்பினர். சாக்கடை இவர்கள் வாசலில், ஓட்டு சொந்த ஊரில்.

அப்படியானால் அதிகாரிகளே நடத்தட்டும் என்கிறோமா? இல்லை. 2016 முதல் 2019 வரை தேர்தலின்றித் தனி அலுவலர்கள் நடத்தியபோது, வறுத்தெடுக்கக்கூட ஆளில்லை. இன்று கேட்க வேண்டியது: எந்த பில், எத்தனை நாளாக, யார் கையெழுத்துக்கு நிற்கிறது? பதிலைக் கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும்.